பப்பாசி, அன்னாசி, எள்ளு: இவை கருவைக் கலைக்குமா?

கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் குசினியிலிருந்து முதலில் காணாமல் போவது பப்பாசிப்பழம். அடுத்தது அன்னாசி. பிறகு எள்ளுருண்டைப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா போனில் சொல்வதையே கொட்டாஞ்சேனையில் இருக்கிற மாமியும் சொல்வார். பக்கத்து வீட்டு சிங்கள அக்காவும் அன்னாசியைக் கண்டால் தலையாட்டி வேண்டாம் என்பார். மூன்றும் சூடு, சூடு கருவைக் கலைக்கும் என்பதுதான் எல்லோருடைய விளக்கமும்.

இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பழுத்த பப்பாசியைச் சாப்பாட்டு அளவில் உண்பதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பப்பாசிக்காய் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க ஓர் உண்மையான காரணம் இருக்கிறது. அன்னாசியும் எள்ளும் சாப்பாட்டு அளவில் கருவைக் கலைப்பதாக நம்பத்தகுந்த மனித ஆய்வு எதுவும் காட்டவில்லை. அப்படியானால் இவ்வளவு பேர் தங்கள் கண்ணால் பார்த்ததாக ஏன் சொல்கிறார்கள்? அந்தக் கேள்விதான் முக்கியமானது. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் பப்பாசியைப் பார்ப்போம்.

எல்லாம் அந்தப் பாலில் இருக்கிறது

பப்பாசிக்காயின் தோலை நகத்தால் கீறினால் வெள்ளையாகப் பால் வடியும். கையில் பட்டால் பிசுபிசுக்கும், சிலருக்கு அரிக்கும். காயின் தோலுக்கு அடியிலும், இலையிலும், தண்டிலும் மெல்லிய குழாய்கள் போன்ற கலங்களில் இந்தப் பால் இருக்கிறது. புரதத்தை உடைக்கிற பப்பைன் போன்ற நொதியங்கள் அதில் நிறைய உண்டு. கடினமான ஆட்டிறைச்சியை மென்மையாக்க நம் வீடுகளில் பப்பாசிக்காயை அரைத்துத் தடவி வைப்பது இதனால்தான். அந்தப் பால் இறைச்சியின் புரதத்தை உடைத்துவிடுகிறது.

காய் பழுக்கப் பழுக்க இந்தப் பால் குறைந்துகொண்டே போகும். முழுதாகப் பழுத்த பழத்தைக் கீறினால் பால் வராது, வந்தாலும் தண்ணீர்போல ஒரு துளிதான். ஆகவே காயும் பழமும் ஒரே மரத்தில் காய்த்தாலும் கர்ப்பிணியைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு உணவுகள். மாமி சொல்கிற விலக்கில் இந்தப் பிரிவு இல்லை. அவருக்கு பப்பாசி என்றால் பப்பாசிதான். ஆய்வுகள் பிரித்துக் காட்டியது இந்த இடத்தைத்தான்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பப்பாசி கர்ப்பத்துக்கு ஆகாது என்ற ஆசிய நம்பிக்கை உண்மையா என்பதுதான் அவர்களுடைய நேரடிக் கேள்வி. அதை இரண்டு விதமாகச் சோதித்தார்கள்.

முதலாவதில், கர்ப்பமான எலிகளுக்குப் பழுத்த பப்பாசிச் சாற்றைக் கொடுத்தார்கள். ஒரு லீட்டருக்கு 500 மில்லிலீட்டர் சாறு என்ற அளவில் கலந்த நீரையே அவை குடித்தன. கர்ப்பத்தின் வெவ்வேறு கட்டங்களில் இப்படிக் கொடுத்துப் பார்த்தபோதும், கருப்பையில் தங்கிய கருக்களின் எண்ணிக்கையிலும் உயிரோடு இருந்த குட்டிகளின் எண்ணிக்கையிலும், சும்மா தண்ணீர் குடித்த எலிகளோடு ஒப்பிடும்போது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவதில், எலியின் கருப்பைத் தசையைத் தனியே எடுத்து ஒரு திரவத்தில் தொங்கவிட்டு, அதன்மேல் பப்பாசியின் பகுதிகளைச் சேர்த்துத் தசை சுருங்குகிறதா என்று அளந்தார்கள். பழுத்த பழச்சாற்றுக்குத் தசை அசையவில்லை. காயிலிருந்து எடுத்த பாலைச் சேர்த்ததும் இறுகிச் சுருங்கியது. பிரசவ வலியை உண்டாக்க ஆஸ்பத்திரியில் சேலைனில் ஏற்றுகிற ஒக்சிடோசினும், புரொஸ்டகிளண்டினும் எப்படிச் சுருக்குமோ கிட்டத்தட்ட அப்படி.

ஆக, பழைய நம்பிக்கை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைத்ததல்ல என்பது என் எண்ணம். காயின் பாலைக் குறித்த ஓர் அச்சம் காலப்போக்கில் பழத்தின் மேலும் படிந்திருக்கலாம்.

ஆனால் இந்த ஆய்வின் எல்லையையும் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பால் தசையின்மேல் நேரடியாகப் போடப்பட்டது. நாம் சாப்பிடுவது அப்படியல்ல. வாய், இரைப்பை, குடல், ஈரல் என்று எல்லாவற்றையும் தாண்டி எவ்வளவு கருப்பைக்குப் போய்ச் சேரும் என்பதை இந்தச் சோதனை காட்டாது. பப்பாசிக்காய் சாப்பிட்ட பெண்களையும் சாப்பிடாத பெண்களையும் முறையாக ஒப்பிட்டு, காயால் கரு கலைந்தது என்று நிறுவிய மனித ஆய்வும் இல்லை. அப்படியிருக்க எச்சரிக்கை எதற்கு? கர்ப்பிணிகளுக்குக் காயைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது தர்மமல்ல, யாரும் செய்யப் போவதுமில்லை. காயைப் பத்து மாதம் தவிர்ப்பதால் எந்தப் பெண்ணுக்கும் எந்தச் சத்தும் குறையப் போவதில்லை. பயப்பட ஒரு நியாயமான காரணம் இருந்து, தவிர்ப்பதால் நட்டம் ஒன்றும் இல்லையென்றால் தவிர்த்துவிடுவதே நல்லது. பழத்துக்கு இது பொருந்தாது. அதில் பயப்படக் காரணம் இல்லை, தவிர்த்தால் நட்டம் இருக்கிறது.

அந்த நட்டம் என்ன என்றால், கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையால் பல பெண்களுக்கு மலச்சிக்கல் வரும். பழுத்த பப்பாசி அதற்கு இதமானது. அதிலுள்ள விற்றமின் சி, சாப்பாட்டிலிருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ளவும் உதவும். பழக்கடைகளில் விலை குறைவான பழங்களில் ஒன்றை, காரணம் இல்லாமல் ஒரு கர்ப்பிணியின் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

வாங்கும்போது எப்படிப் பார்ப்பது

வெள்ளவத்தைச் சந்தையிலோ காலி வீதியோரப் பழக்கடையிலோ பப்பாசி பெரும்பாலும் அரைப்பழமாகத்தான் கிடைக்கும். தூரத்திலிருந்து வண்டியில் வருகிற பழம், முழுதாகப் பழுத்து வந்தால் நசிந்துபோய்விடும். ரெட் லேடி என்கிற இனம் வெளியே பச்சை கலந்திருந்தாலும் உள்ளே சிவந்திருக்கும். அதனால் வெட்டிப் பார்த்துச் சிவப்பாக இருக்கிறது என்பது மட்டும் போதாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஓரிரு நாள் வெளியே வைத்து, தோலின் பெரும்பகுதி மஞ்சளாகி, விரலால் அழுத்தினால் சற்று இணங்குகிற வரை காத்திருங்கள். காம்புப் பக்கத்தில் தோலை மெல்லக் கீறுங்கள். வெள்ளைப் பால் கோடு தெரிந்தால் இன்னும் பழுக்கவில்லை. பால் இல்லாமல், சதை தோலோரம் வரை நிறம் மாறி, விதை கறுத்திருந்தால் அது பழம். சந்தேகமாக இருந்தால் தோலைத் தடிப்பாகச் சீவிவிடுங்கள். விதையை எடுத்துவிடுங்கள். விதையை மென்று சாப்பிடுகிற வைத்தியங்கள் சில சுற்றுகின்றன, கர்ப்ப காலத்தில் அவை வேண்டாம்.

காய் மறைந்திருக்கிற இடங்களும் உண்டு. சில அச்சாறுகளில் பப்பாசிக்காயைச் சீவிப் போடுவார்கள். தாய்லாந்துச் சாப்பாட்டுக்கடைகளில் கிடைக்கிற பப்பாசிச் சலட் பச்சைக் காயில் செய்வது. இவை இரண்டிலும் காய் வேகாமல் வருகிறது. இறைச்சிக்குத் தடவிய பப்பாசிக்காய் வேறு கதை. கறி நீண்ட நேரம் கொதிக்கும்போது அந்த நொதியங்கள் செயலிழந்துவிடும். அளவும் ஒரு சட்டிக்கு ஒரு துண்டுதான். கலியாண வீட்டில் சாப்பிட்ட ஆட்டிறைச்சிக்குப் பப்பாசிக்காய் தடவியிருந்தார்களாம் என்று பிறகு கேள்விப்பட்டு இரவு முழுக்க நித்திரையில்லாமல் கிடக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பாலில் தசையைச் சுருக்குவது பப்பைன் மட்டும்தானா, வேறு பொருட்களும் சேர்ந்தா என்பது தெளிவாகப் பிரிக்கப்படவில்லை. ஆகவே பப்பாசிக்காய்க் கூட்டு, சுண்டல் என்று காயையே கறியாக வைத்துச் சாப்பிடுவதைப் பிரசவம் வரை தள்ளிப்போடுங்கள் என்பேன். அறியாமல் ஒருநாள் சாப்பிட்டுவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். வாந்தி எடுக்க முயல வேண்டாம், மாற்று மருந்து தேட வேண்டாம்.

இன்னொன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கொழும்பில் மழைக்குப் பிறகு டெங்கு பரவும்போதெல்லாம் பப்பாசி இலையை இடித்துச் சாறு குடிக்கச் சொல்வார்கள். பழத்தைத் தொடவிடாத அதே வீட்டில், காய்ச்சல் வந்த கர்ப்பிணிக்கு இலைச்சாறு கொடுப்பார்கள். இலையிலும் அந்தப் பால் இருக்கிறது. கர்ப்பிணிக்கு அது பாதுகாப்பானதென்று காட்டும் ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியமானது, டெங்கு கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் உண்மையாகவே ஆபத்தான நோய். காய்ச்சல் தொடங்கிய உடனேயே அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாறு குடித்துவிட்டு பிளேட்லெட் ஏறுகிறதா பார்ப்போம் என்று வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு இழப்பு. பப்பாசியைப் பற்றி ஒரு கர்ப்பிணியை எச்சரிக்க வேண்டுமானால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அன்னாசி

அன்னாசியின் மேல் குற்றம் வரக் காரணம் புரோமெலைன் என்ற நொதியம். இதுவும் புரதத்தை உடைப்பதுதான். அன்னாசி சாப்பிட்டால் நாக்கு சுணைப்பது ஓரளவு இதனால். ஜெலி செய்யும்போது பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டால் ஜெலி உறையாது, ரின் அன்னாசியைப் போட்டால் உறைந்துவிடும். ரின்னில் அடைக்கும்போது சூடாக்குவதால் நொதியம் செத்துவிடுகிறது. எனவே ரின் அன்னாசி, அன்னாசிக் கறி, ஜாம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

பச்சை அன்னாசி? புரோமெலைன் அதிகம் இருப்பது தண்டிலும் நடுத் தண்டுப் பகுதியிலும்தான். கடைகளில் மாத்திரையாக விற்கிற புரோமெலைனும் தண்டிலிருந்து எடுப்பதே. பழத்தில் இருப்பதும் இரைப்பையில் மற்றப் புரதங்களைப் போலவே பெரும்பாலும் செரித்துவிடும். ஆய்வுகூடத்தில் தனியே எடுத்த கருப்பைத் தசையின்மேல் அன்னாசிச் சாற்றுப் பிரிவுகளை விட்டபோது தசை சுருங்கியது உண்மை. ஆனால் அதைச் செய்வதாகக் காணப்பட்ட செரட்டோனின் என்ற பொருள், வாயால் சாப்பிடும்போது குடலிலும் ஈரலிலும் உடைந்துபோகிறது. தட்டில் இருப்பது கருப்பையை அதே உருவில் போய்ச் சேர்வதில்லை.

மாதம் நிறைந்தும் வலி வராத பெண்கள் வலி வரட்டும் என்று அன்னாசி சாப்பிடுகிற வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. பிரசவத்துக்குத் தயாராகி, சிறு தூண்டலுக்கும் சுருங்கக்கூடிய கருப்பையில்கூட அன்னாசி வலியை வரவழைக்கும் என்று உறுதியாகக் காட்டிய ஆய்வு இல்லை. மூன்றாம் மாதத்துக் கருப்பை இதைவிட மிகவும் அமைதியானது.

அன்னாசியில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. காலிமுகத்திடலில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தருகிற அன்னாசி நாவுக்கு அருமை, ஆனால் வெட்டிய கத்தியும் கழுவிய தண்ணீரும் எப்படியென்று நமக்குத் தெரியாது. வீட்டில் கழுவி, வெட்டி உடனே சாப்பிடுங்கள். நெஞ்செரிவு இருந்தால் குறையுங்கள். கர்ப்ப கால நீரிழிவு என்று சொல்லியிருந்தால் அன்னாசியோ பப்பாசியோ ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்துங்கள், சாறாக்கிச் சீனி போட வேண்டாம். புரோமெலைன் மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். அது பழமல்ல, செறிவாக்கிய மருந்து.

எள்ளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கருவைக் கலைக்கக்கூடிய பொருள் என்று எதையும் எள்ளில் யாரும் சுட்டிக்காட்டி நிறுவவில்லை. பெண் பிள்ளை பெரியவளானதும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் கருப்பை பலப்படும் என்று சொல்கிற வீடுகள்தான், கர்ப்பத்தில் எள்ளைக் கண்டு அஞ்சுகின்றன. பெரியவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. சூடு, குளிர்ச்சி என்ற வகைப்பாடு உடலைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த ஒரு வழி. ஆனால் எந்த உணவு கருவைப் பாதிக்கும் என்பதை அந்த வகைப்பாட்டால் கணிக்க முடியாது. எள்ளில் கல்சியம் நிறைய இருக்கிறது, தோலோடு உண்ணும்போது அதில் ஒரு பகுதியை மட்டுமே உடல் எடுத்துக்கொள்ளும் என்றாலும். உண்மையில் எள்ளைத் தவிர்க்க வேண்டியவர்கள் எள்ளு ஒவ்வாமை உள்ளவர்கள். அவர்கள் கர்ப்பமில்லாதபோதும் தவிர்க்க வேண்டியவர்களே. அதேபோல ரப்பர்க் கையுறை பட்டால் தடிக்கிறவர்களில் சிலருக்குப் பப்பாசிப்பழமும் ஒத்துக்கொள்ளாது.

கண்ணால் பார்த்தது எப்படிப் பொய்யாகும்?

சரி, இப்போது அந்தக் கேள்வி. "என் சின்னம்மாவுக்கு அன்னாசி சாப்பிட்டுத்தான் கலைந்தது" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அன்னாசி சாப்பிட்டார், இரண்டு நாளில் இரத்தம் பட்டது, கரு போய்விட்டது. மூன்றும் நடந்தன. ஆனால் எந்த வரிசையில் நடந்தன?

ஓர் உதாரணம் பார்ப்போம். பம்பலப்பிட்டியில் இருக்கிற ஒரு பெண், வயது 33, மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர். புதன்கிழமை அலுவலகத்தில் யாரோ கொண்டுவந்த அன்னாசியில் நாலைந்து துண்டு சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் இரத்தம் பட்டது. அன்று அவருக்குக் கணக்குப்படி 9 வாரமும் 3 நாளும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கிறார்கள். கருவின் நீளம் 12 மில்லிமீட்டர், இதயத் துடிப்பு இல்லை.

இந்த 12 மில்லிமீட்டர்தான் இங்கே சாட்சி. முதல் மூன்று மாதங்களில் கருக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும், அதனால்தான் நீளத்தைக் கொண்டு வயதைச் சொல்ல முடிகிறது. 9 வாரத்துக் கரு 23 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் என்பது 7 வாரமும் இரண்டு மூன்று நாளுமான கருவின் அளவு. அதாவது இந்தக் கரு வளர்ச்சியை நிறுத்தி ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிவிட்டது. அவர் அன்னாசி சாப்பிட்ட புதன்கிழமை அது உயிரோடு இல்லை. கருவின் வளர்ச்சி நின்றாலும் உடல் அதை உடனே வெளியேற்றாது, ஓமோன்கள் மெல்லக் குறைந்து இரத்தம் பட நாட்களோ வாரங்களோ ஆகும். இடையில் அவர் சாப்பிட்டது, ஏறிய படிகள், பஸ்ஸில் பட்ட குலுக்கல், மாமியோடு பட்ட மனத்தாங்கல் என்று எல்லாமே காரணம் போலத் தோன்றும். காரணமோ அவற்றுக்கெல்லாம் முன்னால் இருக்கிறது.

மாதவிடாய் ஒழுங்கில்லாதவருக்கு வாரக்கணக்கே பிசகலாம். அதனால்தான் கரு 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியாவிட்டால் வைத்தியர் உடனே முடிவு சொல்லாமல், ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கச் சொல்வார்.

அந்தக் காரணம் எத்தனை வாரத்துக்கு முன்னால் இருக்கிறது? ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு நிறமூர்த்தக் கோளாறு இருக்கிறது. நிறமூர்த்தம் என்கிற குரோமோசோம் ஒன்று கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். முட்டை உருவாகும்போதோ, விந்தணுவோடு சேர்ந்து பிரியத் தொடங்கும்போதோ நிகழ்கிற பிழை இது. மாதவிடாய் தள்ளிப்போவதற்கு முன்பே, அந்தப் பெண்ணுக்குத் தான் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே முடிந்துவிட்ட விஷயம். எந்தப் பழமும் அதை உண்டாக்கவும் இல்லை, எந்தப் பத்தியமும் தடுத்திருக்கவும் முடியாது. மீதியில் கட்டுப்பாடில்லாத நீரிழிவு, தைரொயிட் கோளாறு, இரத்தம் உறைதலைப் பாதிக்கிற சில நோய்கள், கருப்பையின் அமைப்பு, புகைத்தல் போன்றவை வருகின்றன.

கரு கலைவது எவ்வளவு சாதாரணம் என்பதும் வெளியே பேசப்படுவதில்லை. உறுதியான கர்ப்பங்களில் 100க்கு ஏறக்குறைய 15 கலைந்துவிடுகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். நோர்வே நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், 25 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு இது 10 சதவீதம், 45 வயதுக்கு மேல் பாதிக்கும் அதிகம். இந்த அளவு தெரியாததால் நாம் கணக்கைத் தப்பாகப் போடுகிறோம். கர்ப்பமான 100 பெண்கள் அன்னாசி சாப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்னாசி எதுவும் செய்யாவிட்டாலும் அவர்களில் 15 பேருக்குக் கலையும். அந்தப் 15 கதைகளும் குடும்பங்களில் பல வருடம் சொல்லப்படும். சாப்பிட்டும் பிள்ளை பெற்ற 85 பேர் அன்னாசியை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாப்பிடாத 100 பேரிலும் 15 பேருக்குக் கலைந்திருக்கும், அங்கே பழி வேறொன்றின் மேல் விழும். அன்னாசி குற்றவாளி என்று சொல்ல வேண்டுமானால் சாப்பிட்டவர்களில் அந்த 15 கூடியிருக்க வேண்டும். அப்படிக் கூடியதாகக் காட்டிய மனித ஆய்வு இல்லை.

தள்ளிப்போன மாதவிடாயை வரவைக்க எள்ளும் பனங்கட்டியும் இடித்துச் சாப்பிடுகிற வழக்கத்திலும் இதே கணக்குத்தான். தள்ளிப்போன மாதவிடாய் பெரும்பாலும் சில நாளில் தானாக வந்துவிடும், பெயர் எள்ளுக்குப் போகும். வராவிட்டால் அவர் கர்ப்பமாக இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது பாமசியில் சிறுநீர்ச் சோதனைக் கருவி வாங்கிப் பார்ப்பது. விரும்பாத கர்ப்பத்தைக் கலைக்க இவற்றையோ பப்பாசிப் பாலையோ நம்பிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கரு கலையும் என்பதற்கு உறுதி இல்லை, வாரங்கள் கழியும், வயிறும் குடலும் புண்ணாகலாம். அந்த நிலையில் இருக்கிற பெண்ணுக்குத் தேவை திட்டாமல் கேட்கிற ஒரு வைத்தியர்.

இரத்தம் பட்டால்

இந்த நம்பிக்கையால் வரும் மிகப் பெரிய கேடு, ஒரு பழத்தை இழப்பது அல்ல. இரத்தம் பட்டவுடன் "நேற்று அன்னாசி சாப்பிட்டாய், சூடு, சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படு" என்று வீட்டில் வைத்திருப்பதுதான். காரணம் தெரிந்துவிட்டது என்று எல்லோரும் நினைப்பதால் யாரும் மேற்கொண்டு தேடுவதில்லை. அந்த இரத்தம், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். ஒரு பக்க அடிவயிற்றில் விடாத வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம் வருவது இவற்றில் எது இருந்தாலும் பட்ட இரத்தம் துளியளவே ஆனாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஒரு மணி நேரத்தில் பெரிய பாட் ஒன்று முழுக்க நனைந்தாலோ, இரத்தத்தோடு காய்ச்சல் இருந்தாலோ அப்படித்தான். இவை எதுவும் இல்லாமல் சிறிதளவு பட்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் இரத்தம் பட்ட பல கர்ப்பங்கள் ஒரு குறையும் இல்லாமல் பிரசவம் வரை போகின்றன, அதையும் ஸ்கேன்தான் சொல்லும்.

போகும்போது கர்ப்பவதி அட்டையை எடுத்துப் போங்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி, இரத்தம் பட்ட நேரம், எத்தனை பாட் மாற்றினீர்கள், எடுக்கிற மாத்திரைகள், இலைச்சாறு போல வீட்டு மருந்து ஏதும் குடித்தீர்களா என்பதை எல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கரு கலைந்திருந்தால், ஸ்கேனில் கரு எத்தனை வார அளவில் இருந்தது என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்று முறை கலைந்தவர்களுக்குக் காரணம் தேடும் பரிசோதனைகள் உண்டு, இப்போது பல இடங்களில் இரண்டாவதோடேயே தொடங்குகிறார்கள். அப்போது அந்தக் குறிப்பு வைத்தியருக்கு உதவும். வீட்டில் யாராவது அன்னாசியை நினைவுபடுத்தினால், அந்தக் குறிப்பில் இருக்கிற வாரக்கணக்கைக் கணவரே எடுத்துக் காட்டட்டும். அந்த நேரத்தில் அதை விளக்குகிற வேலையை அந்தப் பெண்ணின் தலையில் போட வேண்டாம்.